கோடி ஆண்டு காணாமற்போன இடம்

தமிழரசி லேசில் எதையும் நம்புகிறவள் அல்ல. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கப்பல் டிக்கெட் கைக்கு வந்தால் தேதியை இரண்டு முறை படிப்பாள். அவள் பிறந்தது நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். தாயகத்துக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் அவர்களை அங்கிருந்து கிளப்பினார்கள். கடைசியில் கப்பல் இறக்கிவிட்டது, அதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒரு தீவில். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, யார் என்ன சொன்னாலும் ஒருமுறை புரட்டிப் பார்க்கும் குணம் வராமல் போனால்தான் ஆச்சரியம்.

சுனாமிக்குப் பிறகு குடும்பம் போர்ட் பிளேருக்கு வந்தது. பத்துபஸ்தியில் வாடகை வீடு. தமிழரசி படித்து, நகரத்துக் கல்லூரி ஒன்றில் புவியியல் விரிவுரையாளரானாள். பாறைகளைப் பற்றிய புவியியல். வேலையோடு வேலையாக ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தாள். அந்த ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு கோட்டைப் பற்றியது.

கோடு இருப்பது நடு அந்தமானில் ரங்கத்துக்குக் கிழக்கே, டிங்கி என்கிற சிறுபடகில் மட்டுமே போகக்கூடிய ஒரு கடல்முனையில். கடல் வற்றும் நேரத்தில் பாறைச்சுவர் முழுதாகத் தெரியும். கீழே மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி, அலமாரியில் சரிந்து நிற்கும் புத்தகங்களைப் போல நன்றாகச் சாய்ந்திருக்கும். அவற்றின் தலைகளையெல்லாம் ஒரே மட்டமாக ரம்பத்தால் அறுத்தது போல ஒரு வெட்டு. வெட்டுக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குக் கூழாங்கல் அடுக்கு. அதற்கும் மேல் வெளிறிய சுண்ணாம்புக் களி, அநேகமாகக் கிடைமட்டமாக.

கோண அன்கன்ஃபார்மிட்டி என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கீழ் அடுக்குகள் ஆழ்கடலில் கிடையாகப் படிந்தவை. பிறகு பூமி நெரித்ததில் அவை சாய்ந்து, மடிந்து, கடலுக்கு மேலே தூக்கப்பட்டன. மழையும் அலையும் அவற்றை அரித்து மட்டமாக்கின. பிறகு தரை மறுபடி கடலுக்குள் அமிழ்ந்தது. அதன் மேல் புதிய படிவு கிடையாக விழுந்தது. இத்தனையும் நடந்த காலத்துக்கு அந்த இடத்தில் பாறை கிடையாது. ஒரு கோடுதான் உண்டு. அந்தக் கோடு எத்தனை ஆண்டு என்பதே தமிழரசியின் கேள்வி.

விடை சொல்லவேண்டியது நுண்படிமங்கள். களியைக் கரைத்துச் சலித்தால் மணல் போல மிஞ்சும் கடலுயிர்களின் ஓடுகள். அதில் தேர்ந்தவர் அதே துறையில் மூத்தவரான லூர்துநாதன். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கியவர். லூர்துநாதன் அதிகம் பேசமாட்டார். நுண்ணோக்கியில் குனிந்தால் மதியச் சாப்பாடே மறந்துபோகும். கூழாங்கல் அடுக்கை ஒட்டி மேலே எடுத்த களியைப் பைகளில் கட்டி அவரிடம்தான் கொடுத்திருந்தாள்.

அவர் சொன்ன முடிவு அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒரே ஓடுதான், மேடம். பயறு மாதிரி தட்டையா இருக்குமே, அந்தப் பழசு. வயசுல பெரிய வித்தியாசம் இல்ல. மத்லப், அதாவது உங்க இடைவெளி ரொம்பச் சின்னது."

"அவ்வளவு பாறையும் சாஞ்சு, மேல வந்து, அறுபட்டு மட்டமாகிறதுக்கு நேரம் வேணாமா சார்?"

"படிமம் சொல்றதச் சொன்னேன்," என்று திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் கண் அவர் மேலேயே இருந்தது. தான் வெள்ளை நூலால் கட்டிய பை அவர் மேசையில் பச்சை நூலால் கட்டியிருந்தது. மிச்சக் களியைக் கேட்டபோது, "அப்புறம் தர்றேன்" என்றவர், அதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தமானில் படிவு இடைவிடாமல் நடந்தது, பெரிய இடைவெளி ஏதும் இல்லை என்று எழுதிவரும் சென்னைப் பேராசிரியர் ஒருவரோடு அவர் வராந்தாவில் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசியதும் அவள் காதில் விழுந்தது. தேநீருக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. கீழ்ப்பாறையின் களியைத் அவள் பையில் கலந்துவிட்டாரோ? அந்தப் பேராசிரியருக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கிறாரோ? நினைக்க நினைக்க ஒவ்வொன்றும் அதற்குப் பொருந்தியே வந்தது.

யாரிடமும் சொல்லாமல் ரங்கத்துக்கு பஸ் ஏறினாள். டிங்கி ஓட்டுகிற பீட்டர் முன்பே பழக்கம்.

"மறுபடியுமா அக்கா? போன தடவையே அரை மலையைப் பேத்துக் கொண்டுபோனீங்களே."

"கொண்டுபோனது சரியில்ல பீட்டர். நான் வந்தது யாருக்கும் தெரிய வேணாம்."

அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிங்கியைத் தள்ளினான். அதே இடத்தில் மறுபடி களி எடுத்தாள். பையை மடியை விட்டு இறக்காமல் வீடு வந்து சேர்ந்தாள். சமையலறையிலேயே ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, காயவைத்து, கல்லூரியில் எல்லோரும் போனபின் நுண்ணோக்கியின் கீழ் பரப்பினாள்.

முதலில் கண்ணில் பட்டது அந்தப் பயறு ஓடுகள்தான். ஒன்றல்ல, நிறைய.

அவளுக்கு முகம் எரிந்தது. அந்த மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். எழுந்து போய்விடலாம் என்று விளக்கை அணைக்கக் கை நீட்டியவள், பழக்கதோஷத்தில் ஊசியால் ஒரு ஓட்டைப் புரட்டினாள். விளிம்பு மழுங்கியிருந்தது. இன்னொன்று பாதி உடைந்து, உள்ளே பழுப்பு மண் இறுகியிருந்தது. எல்லாமே அடிபட்டவை, உருண்டவை. அவற்றுக்கு நடுவே கண்ணாடிக் குண்டு போலப் பளிச்சென்று சில உருண்டைகள், ஒரு கீறல்கூட இல்லாமல். ஆர்புலினா. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான் கடலில் முதலில் தோன்றிய உயிர். பயறு ஓடுகளோ இரண்டரைக் கோடி ஆண்டுக்கும் முந்தியவை.

சந்தேகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. இந்த உருண்டைகளை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்?

மறுநாள், ஓடுகளைப் பரப்பிய தட்டை அவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

"இத ஏன் சார் சொல்லல?"

லூர்துநாதன் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"இது எங்கேருந்து?"

"அதே இடம். நானே திரும்பப் போய் எடுத்தது."

"நீங்க முதல்ல குடுத்த பையிலயும் இது இருந்துச்சு. நான் ஒதுக்கி வெச்சேன்."

"ஒதுக்கினீங்களா, மறைச்சீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேராவே கேக்குறீங்க, நேராவே சொல்றேன். சுவர்ல இன்னும் உயரத்துல இருக்கிற சுண்ணாம்புக் களியில இந்த உருண்டை கொட்டிக் கிடக்கு. அன்னைக்கு அதையும் நீங்கதான் எடுத்தீங்க. இடைவெளி பெருசா வரணும்னு நீங்களே இதக் கூழாங்கல்லை ஒட்டி எடுத்த பையில போட்டிருப்பீங்களோன்னு தோணுச்சு. பையைப் பிரிச்சு அடிவரைக்கும் பார்த்தேன். அதான் மிச்சத்தப் பூட்டி வெச்சேன். சென்னைப் பேராசிரியர்கிட்ட போன்ல, இப்படி ஒரு சந்தேகம் வந்தா என்ன செய்யலாம்னு கேட்டேன். உங்க பேரச் சொல்லல."

தமிழரசிக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"நான் உங்களத்தான் நினைச்சேன் சார். கீழ்க் களியக் கலந்திட்டீங்கன்னு."

ஊசியால் ஒரு பயறு ஓட்டை உருண்டையின் பக்கத்தில் நகர்த்தினாள்.

"பழசெல்லாம் உருண்டு தேஞ்சது. புதுசு அப்படியே இருக்கு," என்றாள். "அறுபட்ட கீழ்ப்பாறையிலேருந்து பழைய ஓடு உதிர்ந்து, புதுக் களியில விழுந்திருக்கும். ஒரு படிவுல இருக்கிற கடைசியான உயிர்தானே அதுக்கு வயசு சொல்லணும்?"

"இருக்கலாம். ஆனா மழையில மேல் களி கரைஞ்சு சுவர்ல வழியும். நீங்க மேல்தோலச் சுரண்டியிருந்தா, உருண்டை அங்கேருந்து வந்ததாவும் இருக்கலாம்."

இரண்டு முறையும் கையளவு ஆழத்துக்குத்தான் வெட்டியிருந்தாள்.

"அச்சா. சேர்ந்தே போவோம்," என்றாள்.

டிங்கியில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் உட்கார்ந்து போனார்கள். கடல்முனையில் சுவரைத் தோளளவு ஆழத்துக்குக் குடைந்தார்கள். வழிந்த மண்ணைத் தாண்டி, இறுகிய ஈரக் களி வந்தது. அவள் வெட்ட, அவர் பையைப் பிடித்தார். அடுத்த பைக்கு அவர் வெட்ட, அவள் பிடித்தாள். ஒட்டிய டேப்பின் மேல் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு லூர்துநாதன் கூழாங்கல் அடுக்கின் முன் மண்டியிட்டார். ஒரு கல்லைப் பெயர்த்துச் சுத்தியலால் உடைத்தார். ஒன்றும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. நாலைந்து உடைத்தபின் ஒரு கல்லின் உள்முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவர், அதை அவளிடம் நீட்டினார். உடைந்த மணற்கல்லுக்குள் பயறு பயறாக அதே ஓடுகள், கூர்மையான விளிம்போடு, தேயாமல்.

"இந்தக் கல்லு கீழ்ப்பாறைதான். அது உடைஞ்சு உருண்டு வந்தது," என்றார். "பழசு இதுக்குள்ளேருந்துதான் வந்திருக்கு. நான் இதத் தேடியிருக்கணும்."

டிங்கியைப் பிடித்தபடி நின்ற பீட்டர் கேட்டான்: "அப்ப நடுவுல எவ்வளவு காலம் காணாம போச்சு அக்கா?"

"உருண்டை இந்த ஆழக் களியிலயும் இருந்தா, குறைஞ்சது ஒரு கோடி வருசம்."

"அவ்வளவு காலமும் இங்க ஒண்ணுமே படியலயா?"

"கொஞ்சம் படிஞ்சிருக்கலாம்ப்பா," என்றார் லூர்துநாதன். "படிஞ்சதையும் சேர்த்து அரிச்சுக்கொண்டுபோயிருக்கும். எது படியல, எது படிஞ்சு அப்புறம் அரிச்சுப் போச்சுன்னு இந்தக் கோடு பிரிச்சுச் சொல்லாது."

போர்ட் பிளேரில் பைகளை இருவர் முன்னிலையிலும்தான் பிரித்தார்கள். ஆழக் களியிலும் உருண்டைகள் இருந்தன. தேய்ந்த பயறுகளும் இருந்தன. கட்டுரை இருவர் பெயரிலும் போயிற்று. சென்னைப் பேராசிரியர் ஒரு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதியனுப்பினார். அதில் ஒன்று நியாயமானதுதான்: ஒரு கடல்முனையின் இடைவெளியை வைத்துத் தீவு முழுவதற்கும் பேச முடியாது, தூக்கப்பட்டது ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய இருக்கலாம், அரிப்பும் அப்படியே. அதனால் மழை ஓய்ந்ததும் வடக்கே அந்தக் கோடு எதுவரை போகிறது என்று தேடப் புறப்பட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் லூர்துநாதன் வாழைக்காய் வறுவலைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள். சாம்பிள் பைகள் இருந்த மூட்டையைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டாள். அவரும் அதன் மேல் ஒரு காலை வைத்தபடியே தூங்கிப்போனார்.