யானை வயிற்றில் எழுதிய பிள்ளைகள்

இஸ்மத்தை வேலுமணி முதன்முதலாகப் பார்த்தபோது அவள் கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் எழுத்தை அளந்துகொண்டிருந்தாள்.

தொண்ணூற்றாறாம் வருடத்துக் கோடை விடுமுறை. கருமத்தம்பட்டியில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு வாத்தியார் வேலுமணி. குடும்பத்திலேயே கல்லூரிப் படியேறியவன் அவன் ஒருவன்தான். எங்கே கையெழுத்துப் போட்டாலும் பி.எஸ்ஸி. என்று சேர்த்துத்தான் போடுவான். பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அடிக்க வேண்டும் என்று கரஸ்பாண்டென்ட் திருமலைசாமி முன்பே போனில் சொல்லிவிட்டு அவனைக் கோயமுத்தூருக்கு அனுப்பியிருந்தார். ஒப்பணக்கார வீதியை ஒட்டிய சந்தில் மாடிப்படி ஏறினால், கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கும் டி.டி.பி. சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் இஸ்மத். பக்கத்து ஸ்டூலில் அவளுடைய அக்கா மகள் இல்மா. ஆறு வயது.

"இப்ப 'யானை' எழுது, கண்ணு."

"எத்தனை தடவை சாச்சி எழுதறது? கை வலிக்குது."

"இது ஒண்ணுதான். எழுதினா பன்னு வாங்கித் தாரேன்."

வெள்ளைத் தாளில் அந்தப் பிள்ளை எழுதியது பாதி அகலத்தை அடைத்தது. இஸ்மத் உயரத்தையும் நீளத்தையும் அளந்து குறித்துக்கொண்டு திரும்பினாள்.

"உங்க ஸ்கூல் தாளுக்குத்தான் சார். விடை எழுதற கட்டம் எவ்வளவு பெருசு வேணும்னு நம்ம கண்ணை நம்ப முடியாது. பிள்ளைங்க கைதான் சொல்லும்."

இப்படி ஒருத்தி வேலை செய்து வேலுமணி பார்த்ததில்லை. அந்த மாதம் முழுக்க ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான். எழுத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக அடித்து, படத்துக்கு இடம் விட்டு லேசர் பிரிண்ட் எடுப்பாள். படங்களை டிரேசிங் தாளில் இங்க் பேனாவால் தனியாக வரைந்து, வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி அந்த இடத்தில் ஒட்டுவாள். அதற்கப்புறம்தான் பிரஸ்ஸில் நெகட்டிவ், பிளேட் எடுத்து அச்சடிப்பார்கள். பக்கத்துக்கு மூன்றே கேள்வி. ஆடு, கிளி, யானை. எல்லாம் வெறும் கோட்டுப்படம். பிள்ளைகள் கிரேயான் தீட்டுவதற்கு உள்ளே வெள்ளையாக விட்டிருந்தாள். ஒவ்வொரு பிராணியும் பக்கத்துக் கட்டத்தையே பார்த்துச் சிரித்தது.

"ஏனுங்க, எல்லாம் ஒரே பக்கமாப் பாக்குதுங்களே?"

"பிள்ளைங்க மொதல்ல பொம்மையோட கண்ணைத்தான் பார்ப்பாங்க சார். அது எங்க பாக்குதோ அங்கதான் பென்சில் போவும்."

இந்த முதல் கட்டு பிடித்துப்போனால், எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்புவரை வருடம் முழுக்க வேலை அவளுக்கே என்று திருமலைசாமி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். கோட்டைமேட்டு வீட்டின் முன்னறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, சொந்தமாகத் தொழில். அவளைப் பெற்ற அத்தா சம்மதித்துவிட்டார். மேசை எந்த மூலையில் என்பதுகூட முடிவாகியிருந்தது. எட்டு வருடம் அடுத்தவர் கடையில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்தவளுக்கு இது ஒன்றுதான் வழி.

ஜூன் தொடக்கத்தில் மாதிரித் தாள்களை எடுத்துக்கொண்டு அவளே கருமத்தம்பட்டிக்கு வந்தாள். திருமலைசாமி தறிப்பட்டறை முதலாளி. கோபத்தில்கூட மரியாதை குறையாத மனிதர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"படம் அருமையா இருக்குது, அம்மணி. சும்மா சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கப்படாது. பாதித் தாளு காலியாக் கெடக்குதே?"

"அது விடை எழுதற இடமுங்க."

"தெரியுது, அம்மணி. நெசவுல இப்படி எடவெளி உட்டா துணியத் திருப்பிக் குடுத்துப்போடுவானுங்க. பெத்தவங்க காசு கட்டறாங்க. மூணே கேள்விதானான்னு மூஞ்சிக்கு நேரா கேப்பாங்கல்ல?"

இல்மா எழுதி நிரப்பிய தாளை இஸ்மத் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அளந்து போட்ட கட்டத்துக்குள் எழுத்து கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. திருமலைசாமி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்குக் கையெழுத்துப் பத்தாதுங்க. இத்தாச்சோடா, இவ்வளவு பெருசா எழுதுது. நம்ம புள்ளைங்க பொடிசா, லட்சணமா எழுதும்."

"ஆறு வயசுக் கை அப்படித்தான் எழுதுமுங்க," என்றாள் இஸ்மத்.

வேலுமணியும் சொல்லிப் பார்த்தான். "வகுப்புல நம்ம புள்ளைங்களும் இந்த அளவுதானுங்க எழுதுது."

"அப்பப் பொடிசா எழுதப் பழக்குங்க சார். அதுக்குத்தானே சம்பளம்?" சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "மூணை ஒம்போதாக்கிப்போடுங்க. பொம்மை மட்டும் ஒண்ணு பெருசா நடுவுல இருக்கோணும். பாக்கறவங்களுக்குக் களையா இருக்கும்."

இஸ்மத் இல்மாவின் தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். முன்னறை மேசை அவள் கண்ணில் வந்திருக்க வேண்டும். "சரிங்க," என்றாள்.

எழுத்து பாதியாகச் சுருங்கியது. ஆடும் கிளியும் போய், யானை மட்டும் நடுவில் பெரிதாக நின்றது. அதைச் சுற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் விடை எழுதக் கைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. மற்றத் தாள்களும் இதே அச்சில்தான். பிரஸ்ஸிலிருந்து கட்டு வந்த அன்றைக்கே வேலுமணி ஒரு கோட்டின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தான்.

யானைத் தாளை வகுப்பில் கொடுத்தான். பிள்ளைகள் முதலில் யானையைப் பார்த்துக் குதித்தார்கள். அப்புறம் எழுதத் தொடங்கினார்கள். முதல் விடையே கோட்டைத் தாண்டி அடுத்த கேள்வியின் மேல் ஏறியது. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. மதன்குமார் என்று ஒரு பையன், கெட்டிக்காரன். பென்சிலைக் கடித்துக்கொண்டு தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தாள் முழுக்கத் தேடியும் எழுத இடம் இருந்தது ஓரிடத்தில்தான். யானையின் வயிற்றில் எழுத ஆரம்பித்தான்.

"டேய், என்னடா பண்றே?"

"அங்க எடமில்லீங் சார். ஆனை உள்ள நெறைய எடமிருக்குதுங்."

அதைப் பார்த்த பக்கத்துப் பெஞ்சும் யானைக்குத் தாவியது. மணியடிப்பதற்குள் வகுப்பில் பாதி யானைகளின் வயிறு எழுத்தால் நிறைந்துவிட்டது. விடைகள் பெரும்பாலும் சரி. வேலுமணி எல்லாவற்றுக்கும் டிக் போட்டான்.

பெற்றோர் கூட்டத்தன்று அந்தத் தாள்களைச் சணல் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும் என்பது கரஸ்பாண்டென்ட் உத்தரவு. யானைத் தாளை விட்டுவிடலாம் என்று வேலுமணி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. முதலில் ஒரு அம்மா சிரித்தாள். பிறகு ஒருவர் சிரிக்காமல் கேட்டார்.

"ஏனுங்க, எங்கெழுதறதுன்னுகூடச் சொல்லித் தாரதில்லீங்களா இங்க? இதுக்கா டையி, பூட்ஸுன்னு போட்டு அனுப்பறோம்?"

திருமலைசாமியின் முகம் கறுத்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் வேலுமணி அறைக்குப் போனான்.

"எழுதற எடம் பத்தலைங்க. பழைய மாதிரியே போட்டிருந்தா..."

"எடமில்ல சார், படம். படம் போட்டதுனாலதான் புள்ளைங்களுக்கு வெளையாட்டுப் புத்தி வந்து கிறுக்குதுங்க. அடுத்த கட்டுல ஒரு பொம்மைகூட இருக்கப்படாது. அந்த அம்மணிக்குச் சொல்லிப்போடுங்க. சோமனூருல நம்ம பையன் ஒருத்தன் இருக்கறான், அவனே டைப் அடிச்சுக் குடுத்துருவான்."

சனிக்கிழமை அதைச் சொல்லத்தான் வேலுமணி பஸ் ஏறினான். சொல்லி முடிக்கும்வரை இஸ்மத் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் கொண்டுபோயிருந்த ஒரு யானைத் தாளை வாங்கி, வயிற்றுக்குள் இருந்ததை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள்.

"நல்லாத்தான் சார் எழுதியிருக்கு."

"நாஞ் சொன்னனுங்க. கேக்க மாட்டேங்கறாரு."

"நானும் சரின்னு அடிச்சுக் குடுத்தவதானே." தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "அத்தாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

உள்ளேயிருந்து கடை முதலாளி கல்யாணப் பத்திரிகைப் புரூஃப் எங்கே என்று கத்தினார். அவள் திரும்பிக்கொண்டாள். இரண்டாம் பருவத் தாள்கள் சோமனூரிலிருந்து வந்தன. பொடி எழுத்து, பக்கத்துக்குப் பதினைந்து கேள்வி, ஒரு படமும் இல்லை. பெற்றோர் யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் மட்டும் தாளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். மதன்குமார் பாதித் தாளை வெறுமையாகவே கொடுத்தான். அந்த வருடம் அவனை அதே வகுப்பில் நிறுத்திவைத்தார்கள்.

அதற்கடுத்த வருடம் இஸ்மத்துக்குப் பொள்ளாச்சியில் கல்யாணமானது. இப்போது அங்கே ஒரு மொத்த மருந்துக் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். படம் வரைவதில்லை. வேலுமணி அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு வாத்தியாராகவே இருக்கிறான்.