இடப்பக்கத் துணி

புளியங்குடியில் தையல் மிஷினுக்கா பஞ்சம்? தெருவுக்கு இரண்டு பேர் ஜாக்கெட் தைக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, செண்பகவடிவு மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடையநல்லூருக்கு பஸ் ஏறினாள். அவளைத் தெரியாத தையல்காரிதான் அவளுக்கு வேண்டும்.

பைக்குள் இருந்தது அவளுடைய கல்யாண ஜாக்கெட். அரக்குக் கூறைப்பட்டிலேயே வெட்டித் தைத்தது, கையில் சரிகைக் கரை. அவர்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணைப் பெற்றவள், தாரை வார்க்கும்போது தன் கூறைப்புடவையைத்தான் கட்டி நிற்க வேண்டும். மகள் கோமுவுக்கு ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா பூ வைக்க வந்த அன்றே, "உங்க கூறைப்புடவ என்ன கலரு மதினி? பத்திரமா வச்சிருக்கீயளா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற பொம்பளை அவள். வேறு ஜாக்கெட் போட்டால் ஏன் என்பாள். ஏன் என்று ஒரு நூலைப் பிடித்தால் முடிச்சு வரைக்கும் போகாமல் விடமாட்டாள்.

முடிச்சு இதுதான். போன வருஷம் மதுரையில் செண்பகவடிவுக்கு இடது மாரை எடுத்துவிட்டார்கள். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். உண்மை தெரிந்தது அவளுக்கும் புருஷன் ஆவுடையப்பனுக்கும்தான். "தாய்க்கு வந்தா மகளுக்கும் வரும்னு பேசுவானுவ. தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காத" என்று அவர் சொன்னார். அவளும் திறக்கவில்லை. அழக்கூட இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது கையில் வாங்கினாள், பார்த்தாள், சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். சந்தோஷம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. சோறு வைத்தால் தின்றாள், விளக்கை அணைத்தால் படுத்தாள்.

தையல்காரி ஜுலைகா பள்ளிவாசல் தெருவில் முன்னறையில் மிஷின் போட்டிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். வாய் நிறையக் குண்டூசியும் வாயை மீறிய பேச்சும்.

"வாங்கக்கா. யம்மாடி, பட்டுன்னா இதுல்லா பட்டு! இப்ப வருததெல்லாம் பட்டா, பளபளன்னு பப்படம் மாதிரி நொறுங்குது." ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பினாள். பக்கத் தையலை விரலால் நெருடிப் பார்த்தாள். "தச்சவன் புத்திசாலி. உள்ள ரெண்டு விரல் துணி விட்டிருக்கான். பிரிச்சா கிடைக்கும். கைக்குத்தான் ஒண்ணும் விடல, படுபாவி. போட்டுக் காட்டுங்க, பாப்போம்."

திரைக்குப் பின்னால் செண்பகவடிவு உடுப்பை மாற்றினாள். இடது பக்கம் உள்பாடிக்குள் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்திருந்தாள். வலது கை சுலபமாக நுழைந்தது. இடது கை, ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கின கை, முழங்கைக்கு மேல் சரிகைக் கரையிலேயே நின்றுவிட்டது. கொக்கிகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன.

"கை ஏன்க்கா ஒண்ணு தடியா இருக்கு?"

"வாதம்."

ஜுலைகா ஊம் கொட்டினாள். ஜாக்கெட் உடம்பில் இருக்கும்போதே இடது கையின் அடித்தையலை அக்குள் வரை பிரித்தாள். கை உள்ளே போனது, துணிதான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எத்தனை விரல் பற்றவில்லை என்று அளந்து, விளிம்பை உள்ளாடையோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள். குத்திக்கொண்டே பேசினாள். தன் மாமியார் மூக்குப்பொடியை மாவு டப்பாவில் ஒளித்து வைத்துவிட்டு மறந்து, தோசை சுட்ட கதை. செண்பகவடிவு சிரிக்கவில்லை. சுவரில் தொங்கின நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு சட்டென்று நின்றது.

"யா அல்லா! அக்கா, ரத்தம்."

அக்குள் பக்கம் பட்டில் ஒரு பொட்டு, பிறகு இன்னொரு பொட்டு. குண்டூசி உள்ளாடையைத் தாண்டிச் சதைக்குள் பாதி இறங்கியிருந்தது. செண்பகவடிவு குனிந்து பார்த்தாள்.

"இம்புட்டு ஏறியிருக்கு. ஒரு சத்தம் போடக் கூடாதா? வலிக்கலியா?"

"அங்க ஒண்ணும் தெரியாது."

ஜுலைகா ஊசியை உருவினாள். வெள்ளை நூல்கண்டில் கொஞ்சம் பிய்த்து அவளிடம் நீட்டினாள். "வாயில போட்டு நனச்சுத் தாங்க. யாரு ரத்தமோ அவுக எச்சிதான் எடுக்கும். தண்ணி பட்டாப் பட்டுல வட்டம் விழுந்துரும்." நனைந்த நூலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பொட்டு மங்கி, மங்கி, போனது. அப்படி ஒற்றும்போது சுருட்டி வைத்திருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். ஜுலைகா குனிந்து எடுத்தாள், தூசியைத் தட்டினாள், முக்காலியில் வைத்தாள். எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

"எப்பக்கா?"

"போன வருசம் பங்குனி. மாப்பிள வீட்டுக்குத் தெரியாது. தெரியக் கூடாது தாயி. எம் மவ வாழ்க்க."

"எங்கிட்டச் சொன்னா மிஷின்கிட்டச் சொன்ன மாதிரி. அதுகூடக் கடகடன்னு கத்தும், நான் கத்த மாட்டேன்." சொல்லிவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றி மேஜையில் விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ளதச் சொல்லுதேன், கேளுங்க. வலப்பக்கம் உள்துணியப் பிரிச்சு விட்டாச் சரியாயிரும். இடது கைக்குத்தான் இந்த அகலத்துக்கு ஒட்டுத்துணி வேணும். வீங்குன கைய இறுக்கப்பிடாது, இன்னும் வீங்கும். வேற துணி ஒட்டலாம். ஆனா தார வாக்கையில கையத் தூக்கிச் செம்பு பிடிப்பீங்கள்லா? அத்தன பேரு கண்ணும் அக்குள்லதான் இருக்கும்."

"அப்பம்?"

"துணி இதுலயே இருக்கு." இடது முன்பக்கத்தில் விரலை வைத்தாள். "மாருக்காக மடிச்சுத் தச்சு, டக் பிடிச்சு வளச்சிருக்கான். டக்கு மூணையும் பிரிச்சா இது தட்டையாயிரும். அந்தச் சுத்துக்கு விட்ட துணி பூராவும் பக்கவாட்டுல மிஞ்சும். அத வெட்டி எடுத்துக் கைக்கு அடியில வச்சிருவேன். அதே பட்டு, அதே சாயம், ஒருத்தி கண்டுபிடிக்க முடியாது. முந்தான இடப்பக்கந்தான வருது? அகலமா மடிச்சு ஊசி குத்திட்டா உள்ள இருக்கா, இல்லியான்னு யாரு பாத்தா?"

பட்டிலிருந்து விரலை எடுத்தாள்.

"ஆனா வெட்டிட்டாத் திரும்ப வராதுக்கா. பொறவு பஞ்சு வச்சுப் போடுதேன்னாலும் எடம் இருக்காது."

செண்பகவடிவு தலையை ஆட்டினாள். மதுரையிலும் இப்படித்தான் தலையை ஆட்டினாள். அங்கே ஒரு பெரிய டாக்டர் கேட்டார், ஆவுடையப்பன் கையெழுத்துப் போட்டார், மூக்கில் எதையோ வைத்தார்கள். கண் விழித்தபோது கட்டுப் போட்டிருந்தது. எடுத்ததை அவள் பார்க்கவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கவும் இல்லை.

ஜுலைகா பிளேடு முனையால் டக்குகளைப் பிரித்தாள். பழைய நூல் பொட்டுப் பொட்டென்று விட்டது. கல்யாணத்தன்று குவிந்திருந்த துணி படுத்துக்கொண்டது. மடிப்புக்குள் இருந்த பட்டு மட்டும் வெளிறாமல், புதுசு போல, ரத்தச் சிவப்பாக இருந்தது. மெல்லிய துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினாள். சோப்புக் கட்டியால் அக்குளிலிருந்து இடுப்பு வரை கோடு போட்டாள்.

கத்தரியை எடுத்தாள். செண்பகவடிவு முக்காலியை இழுத்து மேஜையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

கத்தரி பட்டுக்குள் நுழைந்தது. கறுக், கறுக். துணி இரண்டாக விலகிக்கொண்டே வந்தது.

"வலிக்குது" என்றாள் செண்பகவடிவு.

ஜுலைகா பதறிக் கத்தரியை நிறுத்தினாள். "எங்கக்கா? ஊசி ஏதும் உள்ள தங்கிட்டா?"

செண்பகவடிவின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. முகம் கோணிக்கொண்டு போயிற்று. ஒரு வருஷமாக வராத கண்ணீர் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வந்தது. வெட்டுப்பட்டுக் கிடந்த துணியை அவள் இன்னொரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி இல்ல தாயி" என்றாள். "நீ வெட்டு. நான் பாக்கணும்."