குறச்சு கூட்டிக்கோ

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் எந்தப் பரிசோதனை தோற்றாலும் காரணம் ஒன்றுதான்: செய்தவருடைய குணம். எங்கள் பேராசிரியர் அப்படித்தான் நம்பினார். முடிவைக் காட்டும் ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை வராவிட்டால் சிரத்தை இல்லை. வேண்டாத பட்டைகளும் சேர்ந்து வந்துவிட்டால் பொறுமை இல்லை. அவர் கடைசியாகப் பைப்பெட்டைத் தொட்டது எந்தக் காலத்தில் என்று கேட்க எங்களுக்கு ஆசைதான். ஆராய்ச்சிப் பட்டமும் வேண்டியிருந்ததால் கேட்கவில்லை.

அந்த வருடம் அவரிடம் வசமாக மாட்டியவள் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பிராஜெக்ட் அசிஸ்டென்ட். திருவனந்தபுரத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கல்லாற்று ஓடையில் பிடித்த ஒரு சின்ன மீனின் துடுப்பு நுனியிலிருந்து எடுத்த கொஞ்சம் டி.என்.ஏ. அவளிடம் இருந்தது. அதில் ஒரு மரபணுத் துண்டை பி.சி.ஆர். இயந்திரத்தில் பெருக்கி, ஒற்றைப் பட்டையாக வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். கலப்படமாக இருந்தால் அதன் டி.என்.ஏ. எழுத்துகளை வரிசைப்படுத்த அனுப்பிப் பிரயோஜனமில்லை. காட்டினால் ஒப்பந்தம் நீளும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து அவள் அப்பாவோ, "கஷ்டப்படாத, வீட்டுக்கு வந்துரு" என்று தினமும் போனில் அன்பாக மிரட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு வீட்டுக்குப் போக இஷ்டமே இல்லை.

எனக்கு அவளுக்குப் பக்கத்து மேசை. இதே ஊர் ஆரியசாலையில் எங்களுக்கு மொத்த வியாபாரக் கடை. எங்கள் வீட்டில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம். நடுவில் எந்த இடத்தில் மாறினோம் என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது.

முதல் ஓட்டத்தில் ஜெல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மரபணுத் துண்டின் இரு முனைகளிலும் போய் ஒட்டிக்கொள்ள இரண்டு பிரைமர்கள் உண்டு. ஒன்றின் உருகுநிலை ஐம்பத்தெட்டு டிகிரி, மற்றதற்கு அறுபத்து நான்கு. இவள் யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று சராசரி எடுத்து அறுபத்தொன்றில் ஒட்டவிட்டிருக்கிறாள். அன்னீலிங் என்கிற அந்த ஒட்டும் சூட்டில் முதல் பிரைமர் எங்கே ஒட்டும்? ஆனால் பெண் விவரமானவள். அதே டி.என்.ஏ.வை வேறொரு பழகிய பிரைமர் ஜோடியுடன் ஓட்டிப் பார்த்தாள். பட்டை பளிச்சென்று வந்தது. ஆக, டி.என்.ஏ. மேலும் தப்பில்லை, நொதி மேலும் தப்பில்லை. பேராசிரியர் மட்டும் சிரத்தை இல்லை என்றார்.

"ரெண்டுல எது கொறவோ அதுலேந்து ஒரு அஞ்சு குறைச்சுத் தொடங்கிப் பாரு, கேட்டோ" என்றேன்.

ஐம்பத்து மூன்றில் ஓட்டினாள். வர வேண்டிய பட்டை வந்தது. அதற்குக் கீழே அழைக்காமலே இரண்டு பட்டைகளும் வந்து உட்கார்ந்திருந்தன. தண்ணீர் மட்டும் விட்ட குழாயில் ஒன்றும் இல்லை, எனவே வெளியிலிருந்து எதுவும் கலக்கவில்லை. பிரைமர்கள்தான் ஏறக்குறையப் பொருந்துகிற வேறு இடங்களிலும் போய் ஒட்டியிருக்கின்றன. பேராசிரியர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமை இல்லை என்றார்.

எங்கள் கூடத்தில் இதற்கெல்லாம் கேட்க வேண்டிய ஆள் முனைவர் பட்டம் முடித்துவிட்டு எங்களோடு இருந்த ஒரு சேட்டன். கொல்லத்துக்காரர், தங்கமான மனிதர். தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. அந்த வாரம் ஆராய்ச்சி மாதிரிகள் சேகரிக்கப் பொன்முடிக்குப் போயிருந்தார். அந்த மலைப்பாதையில் ஒரு வளைவில் சிக்னல் கிடைத்தால் அடுத்த வளைவில் போய்விடும். இவள் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். கிடைத்த ஒரு வளைவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அன்னீலிங் குறச்சு கூட்டிக்கோ."

உடனே ஓட்டினாள். முன்னைவிட அதிகமாகப் பட்டைகள். மறுபடி படம், மறுபடி போன். "ஆணோ? எங்கில் குறச்சூடே கூட்டு" என்றார். அதையும் செய்தாள். இந்த முறை ஜெல்லில் மேலிருந்து கீழ்வரை ஒரே தீற்றல். மூன்றாவது படத்தைப் பார்த்த சேட்டனிடமிருந்து வந்த பதில்: "எந்தா மோளே இது?"

அதற்குள் வியாழக்கிழமை மதியம் ஆகிவிட்டது. மீன் டி.என்.ஏ. இன்னும் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் வரும். கேன்டீனில் சோற்றைப் பிசைந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"அவிய சொன்னத அப்படியே செஞ்சேங்க்கா. ஒரு எழுத்து மாத்தல."

"என்ன சொன்னாரு?"

"கொறச்சு, கூட்டிக்கோன்னாவ. டெம்பரேச்சரக் கொறச்சேன், சைக்கிளக் கூட்டுனேன். பெறவும் அதையே சொன்னாவ. பெறவும் கொறச்சுக் கூட்டுனேன்."

நான் சிரித்துவிட்டேன். அழுகிற பெண் முன்னால் சிரிக்கக் கூடாதுதான், ஆனால் அடக்கவே முடியவில்லை. மலையாளத்தில் 'குறச்சு' என்றால் 'கொஞ்சம்', 'குறச்சூடே' என்றால் 'இன்னும் கொஞ்சம்'. சூட்டைக் கொஞ்சம் கூட்டு என்று மனிதர் மலைமேலிருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். இவள் சூட்டை ஐம்பதுக்கும் பிறகு நாற்பத்தேழுக்கும் இறக்கி, முப்பதாக இருந்த பெருக்கும் சுற்றுகளை நாற்பது வரை ஏற்றியிருக்கிறாள். சூடு குறையக் குறையப் பிரைமர் கண்ட இடத்தில் ஒட்டும். சுற்று கூடக் கூட, அப்படி ஒட்டியதெல்லாம் பெருகும். வேண்டுமென்றே கெடுக்க நினைத்தால்கூட இதைவிட நன்றாகக் கெடுக்க முடியாது.

விஷயத்தைச் சொன்னதும் என்னைத்தான் முறைத்தாள். "சிரிங்க. நல்லா சிரிங்க. வேல போறது எனக்குல்லா."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. சிரிப்பு நின்றுபோயிற்று. கடைசித் துளியை வைத்து என்ன செய்வது என்று சேட்டனிடம் இன்னொருமுறை கேட்கலாமா என்றேன்.

"அவியகிட்ட வேண்டாம்" என்று கண்ணைத் துடைத்தாள். "அறுவத்தொண்ணுல ஒண்ணுமே வரல. அம்பத்து மூணுல நம்ம பட்டையும் வந்துச்சு, வேண்டாததும் ரெண்டு வந்துச்சு. அப்ப நடுவுலதான இருக்கணும்?"

"அம்பத்தேழு?"

"ரொம்ப மேல போயி ஒண்ணுமே வராமப் போச்சுன்னா? அம்பத்தாறு போதும்." சுற்றுகளையும் பழையபடி முப்பதுக்கே கொண்டுவந்தாள்.

ஒரே ஓட்டத்தில் குழாய்க்குக் குழாய் வெவ்வேறு சூடு வைத்துப் பார்க்கிற இயந்திரமும் இருக்கிறது. அது பக்கத்துத் துறையில் இருந்தது. அதை முன்பதிவு செய்து வாங்குவதற்குள் அந்த மீனின் வம்சம் ஓடையில் நான்கு தலைமுறை கண்டுவிடும். எங்களுடையது பழைய பெட்டி, முழுவதற்கும் ஒரே சூடுதான். ஒரு குழாயில் கடைசித் துளி, இன்னொன்றில் வெறும் தண்ணீர்.

புற ஊதா விளக்கின் மேல் ஜெல்லை வைத்தபோது நான்தான் முதலில் குனிந்தேன். அளவுகோலில் அறுநூறுக்குச் சற்று மேலே, இருக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு பட்டை. தண்ணீர்க் குழாயில் ஒன்றுமில்லை. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. நானும் கத்தினேன். சந்தோஷத்தில் எந்த மொழியில் கத்தினேன் என்று நினைவில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் கதை அதற்குள் நான் சொல்லிச் சேட்டனுக்கும், சேட்டன் வழியாக அவர் காதுக்கும் போயிருந்தது.

"இவிடெ ஜோலி செய்யணமெங்கில் மலையாளம் அறியண்டே குட்டி?" என்றார். இங்கே வேலை பார்க்க மலையாளம் தெரிய வேண்டாமா என்கிறார். ஒப்பந்தத் தாள் அவர் கைக்கடியில் இன்னும் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

இவள் தலையைக் குனிந்துகொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். இந்த அறையில் நாங்கள் எல்லாரும் அதைத்தான் செய்வோம்.

"படிச்சிருதேன் சார்" என்றாள். "ஆனா டெம்பரேச்சர மட்டும் நம்பர்ல சொல்லச் சொல்லுங்க சார். அம்பத்தாறு ரெண்டு பாஷையிலயும் அம்பத்தாறுதான்."

பேராசிரியர் பேனாவைத் தேடினார். சட்டைப்பையிலேயே இருந்தது.