மூடும் ஷிப்டுக்கு வந்த விண்ணப்பம்

அம்மா பயந்தவள். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து ஒரு முறை தொட்டுப் பார்ப்பாள். பல்லி விழுந்தால்கூட முதலில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். போன மாதம் அவள் இறந்த பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தைரியசாலி என்றார்கள். அது தவறான தகவல். சரியானதை எழுதி வைக்கிறேன்.

செருப்புக் கடை ஒன்றில் அம்மா விற்பனையாளராக இருந்தாள். கடைவீதியின் கடைசிக் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் வாடிக்கையாளர் உட்காரும் நீள பெஞ்சு, பின்னால் கூரை வரை அட்டைப் பெட்டிகள். பக்கத்தில் இருந்த தையல் கடையும் போட்டோ கடையும் ஏழு மணிக்கே மூடிவிடும். செருப்புக் கடை எட்டரை வரை. முதலாளி அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பிவிடுவார். மிச்ச நேரம் மூடும் ஷிப்டில் இருப்பவர்கள் பொறுப்பு. இறைந்து கிடக்கும் ஜோடிகளைச் சேர்த்துப் பெட்டியில் போட்டு, பார்வைக்கு வைத்த ஒற்றைச் செருப்புகளை எண்ணிச் சரிபார்த்து, ஷட்டரை இறக்க வேண்டும்.

அந்த ஷிப்டில் அம்மாவோடு இருந்தவள் கல்யாணமாகிப் போனாள். அம்மா தனியானாள். அவள் தனியாக இருப்பது தெரிந்த மாதிரி ஒரு ஆள் வர ஆரம்பித்தான்.

கடையில் அவனுக்குப் பெயர் ஒன்பது. அவன் கால் அளவு அது. முதலாளி கிளம்பிய பிறகுதான் வருவான். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டுவான். லேஸ் வைத்த ஷூ கேட்பான். அம்மா குனிந்து மாட்டிவிடும்போது மெதுவாகப் பேசுவான். "இன்னைக்கு நீலக் குடை கொண்டு வரலையா?" என்பான். "பையன் ஞாயித்துக்கிழமைதான் வருவான், இல்ல?" என்பான். எதையும் வாங்க மாட்டான். தொட்டதும் இல்லை.

அந்தப் பையன் நான். அப்போது வேறு ஊரில் லிஃப்ட் பொருத்தும் வேலையில் இருந்தேன். ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவேன். அம்மா என்னிடம் இதைச் சொல்லவில்லை. முதலாளியிடம்தான் சொன்னாள்.

"ஏம்மா, கஸ்டமர்னா நாலு விதமாத்தான் இருப்பான். ஹேண்டில் பண்ணத் தெரியணும்," என்றார் அவர். "கெட்ட வார்த்தை பேசினானா? கைய வச்சானா? இல்லைல்ல. ஆளு வேணும்னா போர்டு வைக்கிறேன். வந்தா எடுத்துக்கோ."

கண்ணாடியில் 'விற்பனையாளர் தேவை, வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பவும்' என்று ஒட்டினார்கள். எண் கடை போனுடையது. அந்தப் போன் அம்மாவிடம் இருக்கும். வருவதைப் படித்து, தேறுகிறவர்களை மட்டும் முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

வந்தவை பெரும்பாலும் "வேலை இருக்கா", "சம்பளம் எவ்ளோ", ஒரு ரோஜாப்பூப் படம். காலை ஷிப்ட் கேட்டவர்கள் சிலர். மூடும் ஷிப்ட் என்றதும் எல்லோரும் கிணற்றில் போட்ட கல். அதன் பிறகு இது வந்தது:

"வணக்கம். உங்கள் கடையில் விற்பனையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். வயது பதினெட்டு. இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடித்தேன். மதியம் ஒரு மணியிலிருந்து கடை மூடும் வரை எல்லா நாளும் வர முடியும். தேவைப்பட்டால் காலையிலும் வரலாம். செவ்வாய், வியாழன் காலையில் மட்டும் முடியாது, கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் மாமாவின் ஸ்டேஷனரி கடையில் நின்றிருக்கிறேன். கோபமாக வருபவர்கள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேச மாட்டேன். என்னால் முடிவெடுக்க முடியாததை மூத்தவரிடம் கொண்டு போவேன். அடுத்த வாரமே சேர முடியும். நன்றி."

அம்மா அதை ஸ்டோர் ரூமில் நின்று மூன்று முறை படித்தாள். எல்லா நாளும். கடை மூடும் வரை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. ஆனால் பதினெட்டு வயதுப் பெண். ஒன்பதுக்கு முன்னால் அந்தப் பெண் குனிவது அம்மாவின் கண்ணில் வந்தது. அவளுக்குப் போன் செய்தாள்.

"சாயங்காலம் வர்றதுக்கு வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்மா?"

"அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவான்க்கா. அவனுக்கும் வேற வேலை இல்ல."

அம்மா சிரிக்கவில்லை. "இங்க ஒரு ஆள் வர்றான்."

"என்ன பண்ணுவான்?"

"ஒண்ணும் பண்ண மாட்டான். உக்காந்து பேசுவான். அதான் பயமா இருக்கு." எல்லாவற்றையும் சொன்னாள்.

"போலீஸ்ல சொன்னீங்களாக்கா?"

"என்னன்னு சொல்ல? ஷூ போட்டுப் பாக்குறான்னா?"

"யோசிச்சுட்டு சொல்றேன்க்கா," என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

நுணல் தன் வாயால் கெட்டது என்று அம்மா நினைத்தாள். அன்று மாலை ஒன்பது வந்தான். பால் பூத் வழியாகப் போனால் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாமே என்று அம்மாவிடம் சொன்னான். அவள் பால் பூத் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டாவது செய்தி வந்தது. முதல் விண்ணப்பமேதான். இரண்டு இடங்களில் மாற்றியிருந்தாள்.

"மூடும் ஷிப்ட் எல்லா நாளும் வர முடியும், ஷட்டர் இறங்கும் வரை இரண்டு பேர் இருந்தால் மட்டும். கடைசி அரை மணி நேரம் ஷட்டர் பாதி இறங்கியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களை முடித்து அனுப்புவேன், புதிதாக யாரையும் விட மாட்டேன்.

ஷூ போட்டுப் பார்ப்பவர்களிடம் ஷூவையும் குதிகாலை நுழைக்க உதவும் ஷூஹார்னையும் கையில் கொடுப்பேன். குழந்தைகள், வயதானவர்கள், குனிய முடியாதவர்கள் தவிர யாருக்கும் காலில் மாட்டிவிட மாட்டேன்."

இப்போது அம்மாவிடம் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. முதலாவதைக் காட்டினால் முதலாளி உடனே வரச் சொல்வார். இரண்டாவதைக் காட்டினால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை முழுக்க வாடிக்கையாளர் ஆறாம் அளவு கேட்டால் ஏழு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலாளி கிளம்பும் நேரத்தில் இரண்டாவதைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இது விண்ணப்பமா, நமக்கு நோட்டீஸா? வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஷட்டரை இறக்குறா. வந்தா என்னையும் சேத்து வெளியில தள்ளிடுவா." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த ஆளைப் பாரு. அதுவரைக்கும் நீயே சமாளி."

ஞாயிறு மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா இதையெல்லாம் சொன்னாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் லீவு போட்டு வந்து நிக்கிறேன்," என்றேன்.

"எத்தனை நாள் நிப்ப? நீ போனதும் வருவான். உன்னைப் பத்திக் கேக்குறதுக்கு அவனுக்கு இன்னொண்ணு கெடைக்கும்."

"வேலைய விட்டுடும்மா."

"விட்டா வீட்டுக்கு வருவான்."

அம்மா தன் போனை எடுத்தாள். கடை போனில் இருந்த அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால், தானும் ஒன்று எழுதினாள். பெயர், எத்தனை வருட அனுபவம், வரக்கூடிய நேரம். அந்தப் பெண் எழுதிய நிபந்தனைகளை ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டாள். மேலே 'விற்பனையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்' என்று இருந்ததை எடுக்கத் தெரியாமல் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா, நான் கேட்கவில்லை. முதலாளிக்கு அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

நீலக் குறி விழுந்ததில் அவர் படித்தது தெரிந்தது. பதில் வரவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை.

திங்கள் காலை முதலாளி கல்லாவில் காத்திருந்தார்.

"இருக்கிற வேலைக்கே அப்ளிகேஷன் போடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன். யார் எழுதிக் கொடுத்தா?"

"நான்தான் எழுதினேன் சார்."

"வேலை வேணாமா உனக்கு?"

"வேணும் சார். அதான் எழுதினேன்."

"ஷட்டர் சாவிய வை."

அம்மா வைத்தாள். வேலை போய்விட்டது என்று பையை எடுத்தாள். "பைய ஏன் எடுக்குற? போய்ப் பெட்டிய அடுக்கு. இன்னைக்கு நான் மூடுறேன். அப்படி என்ன புலி வருதுன்னு பாக்குறேன்," என்றார்.

ஏழரைக்கு முதலாளி வழக்கம்போலக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, தன் வண்டியைப் பின் சந்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். அம்மாவை ஸ்டோர் ரூமில் இருக்கச் சொன்னார். ஒன்பது வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"வாங்க சார், என்ன பாக்கறீங்க?" முதலாளியின் குரல் வியாபாரக் குரல்.

"அந்தம்மா இல்லையா?"

"எது வேணும்னாலும் நான் எடுத்துத் தரேன் சார்."

"இல்ல, அவங்கதான் எனக்கு வழக்கமா மாட்டிவிடுவாங்க. வீட்லயும் லைட் எரியல. அதான் இங்க இருப்பாங்கன்னு வந்தேன்."

ஸ்டோர் ரூமில் அம்மா ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெளியே முதலாளி "கடை மூடுற நேரம் சார்," என்றபோது அது வியாபாரக் குரலாக இல்லை. அவர் குரலில் அப்படி ஒரு நடுக்கத்தை அம்மா அதற்கு முன் கேட்டதில்லை.

ஒன்பது எழுந்து போனான். முதலாளி அம்மாவைப் பார்க்காமல் கடை போனைக் கேட்டு வாங்கினார். அங்கேயே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "நாளைக்கே வாம்மா. ரெண்டாவதா எழுதினியே, அது மாதிரியே." பிறகு அம்மாவைத் தன் வண்டியில் ஏற்றி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கு அந்தப் பெண் கம்பியைப் பிடித்து ஷட்டரைப் பாதிக்கு இழுத்தாள். உள்ளே ஒரு அப்பாவும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். அவர்களைக் குனிந்து போகச் சொல்லி அனுப்பினார்கள். இருவரும் ஜோடி சேர்க்க ஆரம்பித்தார்கள்.

ஷட்டருக்கு வெளியே இரண்டு கால்கள் வந்து நின்றன.

அம்மாவுக்கு அளவு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அவள் உதடும் வெளுத்திருந்தது. ஆனால் மாமா கடையில் பழகிய குரலில் பேசினாள்.

"கடை மூடியாச்சு சார். காலையில பத்து மணிக்கு வாங்க. ரெண்டு பேர் இருப்போம்."

கால்கள் நகரவில்லை. அம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம். "ஏய், முடிஞ்சுதா? பசிக்குது," என்று ஒரு பையன் குரல்.

கால்கள் தெருவின் இருட்டுப் பக்கமாகப் போயின.

அண்ணன்காரன் எட்டிப் பார்த்தான். "யாரது? ஏன் ரெண்டு பேரும் பேய பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. அக்காவையும் வீட்ல விட்டுட்டுப் போகணும்," என்றாள் அந்தப் பெண்.

"வண்டில மூணு பேர் எப்படிடீ?"

"தள்ளிக்கிட்டு வா. நடந்து போவோம்."

ஷட்டரை முழுக்க இறக்கி, பூட்டை இருவரும் ஆளுக்கொரு முறை இழுத்துப் பார்த்தார்கள். பிறகு நடுத்தெருவில், தெருவிளக்குகளின் வெளிச்சத்திலேயே மூன்று பேரும் நடந்தார்கள். அண்ணன் பசிக்குது பசிக்குது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அம்மா வீட்டு வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.