வராத இரண்டு மீட்டர்

எங்கள் கல்லூரியின் நிலவியல் துறையில் கல் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவரைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவோம். பூமியைத் துளைத்து எடுத்த உருளைக் கற்களை ஆழ வரிசைப்படி அடுக்கிய நீளப் பெட்டிகள் அங்கே எண்ணூறு. ஒன்று இடம் மாறினாலும் பேராசிரியர் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார். பக்கத்து மேசையில் கல் அறுக்கும் நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் மகள் எங்கள் மாணவி. புவி அறிவியல் நாளில் ‘பாறை எழுதிய வரலாறு’ என்று அவள் பேசவேண்டும். முந்தின நாள் மதியம் கொட்டகையில் ஒத்திகை. கேட்க நானும் அக்காவும். மேல் தட்டிலிருந்து தன் அப்பா துளைத்த பெட்டியை இறக்கச் சொன்னாள். துளைப்பாளரான அவர், இவள் தொட்டிலில் இருந்தபோதே வெளியூர் வேலையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார்.

“கீழ ஆத்து மணல். அதுமேல ஒட்டினாப்பல சிப்பியோட கடல் சேறு. நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்போ, கடல் இங்க திடுதிப்புனு வந்திருக்கு!”

நான் கைதட்டினேன். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அப்படிச் சொல்லாதடி.”

“ஏம்மா? கல்லே சொல்லுதே.”

“கல்லு சொல்லல. நான்தான் சொல்ல வெச்சேன்.”

சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய சின்ன மரக்கட்டையை எடுத்தார். ‘61 முதல் 63 மீட்டர் வரை கல் வரவில்லை.’ சாய்வான கையெழுத்து. துளைக்கும்போது கல் பொடிந்து மேலே வராமல் போனால், அந்த இடத்தில் இப்படி எழுதிய கட்டையை வைப்பது துளைப்பாளர் கடமை. அவர் போன பிறகு அக்கா அதை எடுத்துக்கொண்டு, இடைவெளி தெரியாமல் கற்களை நெருக்கி வைத்துவிட்டார். இருபது வருடம்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எத்தனை பசங்க இதைப் பார்த்துத் தப்பா எழுதியிருப்பாங்க, தெரியுமாக்கா?”

“தெரியும் தம்பி. அவரு கைப்பட எழுதினதுன்னு வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. மளிகைச் சீட்டுகூட நான்தான் எழுதுவேன்.”

மகள் அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

“நீயே வெச்சுக்கோம்மா. நான் வேற பெட்டி பார்த்துக்கறேன்.”

அக்கா கற்களை மெல்ல விலக்கி, கட்டையை நடுவில் வைத்தார். கையை எடுக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அரங்கில் மகள் சொன்னாள்: “இந்த இடத்தில் இரண்டு மீட்டர் கல் கிடைக்கவில்லை. கடல் மெதுவாக வந்ததா, சட்டென்று வந்ததா என்று இந்தப் பெட்டியை வைத்துச் சொல்ல முடியாது. துளைத்தவர் அதை மறைக்காமல் எழுதி வைத்தார். அவர் என் அப்பா.”

கடைசி வரிசையில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் பெட்டி கொட்டகைக்குத் திரும்பியது.

“தம்பி, இதைக் கீழ்த் தட்டுல வைக்கலாமா? மேல எனக்குக் கை எட்டாது.”

பேராசிரியர் கிழிப்பார், கிழிக்கட்டும். இடம் மாறியதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நானே தூக்கி வைத்தேன்.