இருநூறு மில்லிலீற்றர்

ஆஸ்பத்திரியின் டெங்கு வாட்டில் எனக்குப் பிடிக்காத சொல் பிளேற்லெட், அதாவது இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. காலையில் உறவினர்கள் கிரிக்கெட் ஓட்டம் கேட்பதுபோல அதை மட்டும் கேட்பார்கள். என்னோடு வேலை செய்யும் மற்ற டாக்டர்களும் அதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். எரிச்சல் தாங்காமல்தான் பிளேற்லெட், இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் ஹீமற்றோகிறிட், குடித்த நீர், வெளியேறிய சிறுநீர் எல்லாவற்றையும் ஒரே தாளில், நாளுக்கு நாள் பக்கத்தில் பக்கத்தில் தாதிமாரை எழுத வைத்தேன்.

மல்லாவியிலிருந்து வந்த இளம் பெண்ணுக்கு அன்று காய்ச்சல் விட்டிருந்தது. கணவர் பையைக் கட்டிவிட்டார்.

"பிளேற்லெட் அம்பத்தெட்டிலயிருந்து அறுபதாயிரத்துக்கு ஏறிட்டுது தானே டொக்டர்? வீட்டை கூட்டிக்கொண்டு போறன்."

"அது ஏறினதெண்டு சொல்லேலாது. காய்ச்சல் விடேக்கைதான் கவனமா இருக்க வேணும்."

தாளைக் காட்டினேன். மூன்று நாளில் ஹீமற்றோகிறிட் முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு. அதாவது இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிகிறது. அப்படியானால் சிறுநீர் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வரிசையில் ஒவ்வொரு தடவையும் இருநூறு மில்லிலீற்றர். குடித்ததும் தாராளம். ஹீமற்றோகிறிட் வரிசையும் சிறுநீர் வரிசையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"இதை ஆர் அளந்தது?"

அவள் தலையைக் குனிந்தாள். "நான்தான் சொன்னனான். அளக்கேல்லை."

"ஏன் பிள்ளை? உயிரோட விளையாடுறியளோ?"

"பொம்பிளையளின்ர கக்கூசு உடைஞ்சு கிடக்கு டொக்டர். ஆம்பிளையளின்ரதுக்குக் கொக்கி இல்லை. குவளையில சலத்தை ஏந்திக்கொண்டு அவங்கட வரிசையைக் கடந்து எப்பிடி வாறது? அதுதான் தண்ணியும் குடிக்கேல்லை."

என் கோபம் அந்த இடத்திலேயே திரும்பி எங்கள் மேல் விழுந்தது. தாளுக்குக் கட்டம் போட்டோம். கதவுக்கு ஒரு கொக்கி போடவில்லை. எத்தனை கூட்டம், எத்தனை சுற்றறிக்கை! வெட்கம் கெட்ட வேலை.

அந்தக் கதவை நானே வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு மணித்தியாலச் சிறுநீராகக் குவளையில் சேர்ந்தது வெறும் அறுபது மில்லிலீற்றர். ஸ்கேன் பண்ணினால் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர். சேலைன் கூடினாலும் ஆபத்து என்பதால் மணிக்கு மணி நாடி, பிரஷர், சிறுநீர் பார்த்து அளந்து ஏற்றினோம். கணவர் பையைத் தூக்கவில்லை. மறுநாள் ஹீமற்றோகிறிட் இறங்கியது, சிறுநீர் கூடியது, இரத்தப்போக்கு எதுவும் இல்லை. அவள் தப்பிவிட்டாள்.

அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெண்கள் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுடைய தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் இருநூறு, இருநூறு, இருநூறு.