கிராமுக்கு எத்தனை பைசா

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து ஒரு மெஸ் நடத்துகிறோம். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சமையல் அவருடையது, கொள்முதல் என்னுடையது. மதியச் சாப்பாடுதான் எங்களுக்கு முக்கியம். கணவன்மார் இருவரும் லாரி ஓட்டுகிறார்கள், ஊரில் இருக்கும் நாட்களில் வந்து பரிமாறுவார்கள்.

எங்களுக்குள் சண்டை என்று பெரிதாக வந்ததே இல்லை. வந்த ஒன்றும் மிளகாய்த்தூளால் வந்தது.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பராமரிப்பு வேலை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், தன் ஆட்களுக்குத் தினமும் நூறு மதியச் சாப்பாடு வேண்டும் என்று எங்களைக் கேட்டிருந்தார். எங்கள் மெஸ்ஸுக்கு அது பெரிய ஆர்டர். கேட்ட அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அரியலூரிலேயே இன்னொரு மெஸ், ஒரு சாப்பாட்டை எழுபது ரூபாய்க்குத் தர ஒத்துக்கொண்டிருப்பதாகவும், நாங்களும் அந்த விலைக்கு வந்தால் ருசி பார்த்து முடிவு செய்யலாம் என்றும் சொல்லிவிட்டார். அரிசி, காய், எண்ணெய், கேஸ், வேன் வாடகை, எங்களுக்கென்று ஒரு சின்ன லாபம் என எல்லாவற்றையும் கூட்டினால் சாப்பாட்டுக்கு எழுபதரை ரூபாய் வந்தது. அந்த அரை ரூபாயை எங்கே குறைப்பது?

அரிசியைக் குறைத்தால் சோறு கெடும். எண்ணெயில் கை வைக்க அக்கா விடமாட்டார். மிச்சமிருந்தது மசாலா. நாங்கள் அதுவரை பாக்கெட் தூள்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். முழு மிளகாயும் மல்லியும் வாங்கி நாமே அரைத்தால் என்ன என்று கேட்டேன். அக்கா சிரித்தார். பாக்கெட்டைப் பிரித்தோமா, கொட்டினோமா என்றிருப்பதை விட்டுவிட்டு, காயவைத்து, காம்பு கிள்ளி, மில்லில் போய் வரிசையில் நிற்கவா என்றார்.

நான் போனில் கால்குலேட்டரை எடுத்தேன். மிளகாய்த்தூள் கிலோ பாக்கெட் முந்நூற்று எண்பது ரூபாய். மண்டியில் நீட்டு மிளகாய் இருநூற்று இருபது. அரைக்கக் கிலோவுக்கு முப்பது. இருநூற்றைம்பது எங்கே, முந்நூற்று எண்பது எங்கே? அரை ரூபாய் என்ன, ஒரு ரூபாயே குறைக்கலாம் என்று குதித்தேன்.

அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

"ஒரு கிலோ வாங்குனா ஒரு கிலோ தூள் வந்துருமா? காம்பும் தூசியும் நீ கொழம்புலயா போடுவ? கொழம்புக்குப் போற தூள் எவ்ளோன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அது நியாயமான கேள்வி. நான் ஐந்து கிலோ மிளகாய் வாங்கி வந்து, மதிய வியாபாரம் முடிந்ததும் மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துக் கொட்டினேன். எங்கள் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும், மறுநாள் சாயங்காலத்துக்குள் மிளகாய் கையில் எடுத்தால் சருகு போல் நொறுங்கியது. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு காம்பு கிள்ளினேன். கிள்ளிய காம்பை மட்டும் தராசில் வைத்தால், கிலோவுக்கு எழுபது கிராம் வரை நின்றது. வெயிலில் காய்ந்து போன எடை இன்னொரு ஐம்பது. மில்லில் இயந்திரத்துக்குள் ஒட்டியதும் பறந்ததும் இருபது. கிலோவுக்கு எண்ணூற்று அறுபது கிராம்தான் கைக்கு வந்தது.

இருநூற்றைம்பதை எண்ணூற்று அறுபதால் வகுத்தேன். கிராம் இருபத்தொன்பது பைசா. பாக்கெட் முப்பத்தெட்டு. அப்போதும் ஒன்பது பைசா எனக்குச் சாதகம். தூள் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தும்மிக்கொண்டே மெஸ்ஸுக்கு ஓடினேன்.

அக்கா அந்தத் தூளில் குழம்பு வைத்தார். வாசனை வாசல்வரை வந்தது. ஆனால் நிறம் இல்லை. பாக்கெட் தூள் போட்டால் வருகிற சிவப்புக்குப் பதிலாக, மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு. இதைப் பார்த்தால் யார் சாப்பிடுவார்கள் என்று அக்கா கரண்டியால் அள்ளிக் காட்டினார்.

மில்காரரிடம் கேட்டதில், காஷ்மீரி மிளகாய் கொஞ்சம் கலந்தால் நிறம் வரும் என்றார். அது கிலோ நானூற்றைம்பது. நாலு பங்கு நீட்டு மிளகாய்க்கு ஒரு பங்கு கலந்தால், கிலோ இருநூற்று அறுபத்தாறு ஆனது. அரைப்புக் கூலியோடு கிராம் கணக்கு இருபத்தொன்பதிலிருந்து முப்பத்து நாலரைக்குத் தாவியது. குழம்பு நன்றாகச் சிவந்தது. என் ஒன்பது பைசா மூன்றரையாகக் கரைந்தது.

அந்த நேரம் பார்த்து பாக்கெட் தூள் கம்பெனியின் விற்பனைக்காரர் வந்தார். பத்து கிலோ எடுத்தால் ஒரு கிலோ இலவசம். அக்காவின் முகத்தில் வெளிச்சம். கணக்குப் போடத் தெரியாது என்று வாயால் சொல்வாரே தவிர, மனசுக்குள் அவர் என்னைவிட வேகம். பதினொரு கிலோவுக்கு மூவாயிரத்து எண்ணூறு என்றால் கிராம் முப்பத்து நாலரை பைசாதான் என்று நின்ற இடத்தில் சொல்லிவிட்டார். அதாவது ரெண்டும் ஒரே விலை. அதோடு விடவில்லை.

"காம்பு கிள்ளுன அந்தம்மாவுக்குக் கிலோவுக்குப் பத்து ரூவா குடுத்தியே, அத எதுல எழுதுன? ஆள் கூலி இல்லாம தூள் வருமா?"

நான் அதைச் சேர்க்கவே இல்லை. சேர்த்துப் பார்த்தேன். கிராம் முப்பத்தைந்தரைக்கு மேல். பாக்கெட் ஜெயித்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விற்பனைக்காரரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். ஒரு நாள் அவகாசம் கேட்டேன், அக்காவும் சரி என்றார்.

அன்று மத்தியானம் மல்லியைக் கையில் எடுத்தேன். முந்தின நாளே மண்டியில் இரண்டு ரகம் வாங்கி மாடியில் காயவைத்திருந்தேன். ஒன்று கிலோ நூற்றுப் பதினைந்து, இன்னொன்று நூற்று முப்பது. மலிவானதைப் புடைத்தால் குச்சியும் மண்ணும் கல்லுமாகக் கொட்டியது. காய்ந்து அரைத்து வந்தபோது எண்ணூற்றுப் பத்து கிராம்தான். நல்ல மல்லியில் கழிவே கொஞ்சம், தொள்ளாயிரத்துப் பத்து நின்றது. அரைப்புக் கூலியும் சேர்த்து வகுத்தால், மலிவு மல்லி கிராம் பதினேழு புள்ளி ஒன்பது பைசா, விலை மல்லி பதினேழு புள்ளி ஆறு. அதிக விலை கொடுத்து வாங்கியது கடைசியில் மலிவாக முடிந்தது! பாக்கெட் மல்லித்தூளோ கிராம் இருபத்து நாலு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மஞ்சளில் மட்டும் நான் தோற்றேன். விரலி மஞ்சளை உடைத்துக் கொடுத்தால்தான் மில்லில் போடுவார்கள், கூலியும் கூட. எல்லாம் சேர்த்தால் பாக்கெட்டுக்கும் அதற்கும் அரைப் பைசாகூட வித்தியாசமில்லை. போதாததற்கு எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருந்ததால் என் மஞ்சளில் காரம் ஏறிவிட்டது. மஞ்சள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும் என்று நானே சொன்னேன். சீரகமும் மிளகும் தேவைப்படுகிற அளவுக்கு மிக்சியில் பொடித்துக்கொள்ளலாம், அதில் யாருக்கும் தகராறு இல்லை.

மிளகாய்தான் பாக்கி. அப்போது அக்காவே ஒரு வழி சொன்னார். ஒரே அளவு புளி, ஒரே அளவு காய் போட்டு இரண்டு அண்டாவில் குழம்பு வைக்கலாம். ஒன்றில் பாக்கெட் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும், இன்னொன்றில் அரைத்த தூள்கள். இரண்டும் ஒரே காரம், ஒரே கெட்டி வருகிறவரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எதற்கு எவ்வளவு பிடிக்கிறது என்று நிறுத்துப் பார்த்துவிடலாம்.

மறுநாள் காலையில் நாலு டப்பாவையும் தராசில் எடை பார்த்துவிட்டு ஆரம்பித்தோம். நான் தூள் போடப் போட அக்கா இரண்டு அண்டாவிலும் மாறி மாறி நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனாலும் விடவில்லை. "இன்னுங் கொஞ்சம்" என்பார் பாக்கெட் அண்டாவைக் காட்டி. மறுபடி, "இன்னுங் கொஞ்சம்." அரைத்த தூள் அண்டாவில் கையை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

கடைசியில் டப்பாக்களை மறுபடி நிறுத்தோம். நூறு பேர் குழம்புக்குப் பாக்கெட் மிளகாய்த்தூள் இருநூறு கிராம், அரைத்தது நூற்று அறுபது. மல்லியில் பாக்கெட் நானூறு, அரைத்தது முந்நூற்று முப்பது.

கிராம் விலையில் தோற்ற மிளகாய், குழம்பில் ஜெயித்துவிட்டது. அறுபத்தொன்பது ரூபாய் போக வேண்டிய இடத்தில் ஐம்பத்தேழு. மல்லியில் தொண்ணூற்றாறுக்குப் பதில் ஐம்பத்தெட்டு. இரண்டையும் சேர்த்து நூறு சாப்பாட்டுக்கு ஐம்பது ரூபாய் மிச்சம். சாப்பாட்டுக்கு அரை ரூபாய்! போனைத் தூக்கி அக்கா முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் மூன்று முறை பார்த்தார், பிறகு நானும் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கி அவரே தட்டினார். அதே ஐம்பது. கரண்டியைப் போட்டுவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார், மிளகாய்க் கையோடு. வலியும் எரிச்சலும் சேர்ந்து, நான் சிரித்துக்கொண்டே குழாயடிக்கு ஓடினேன்.

விற்பனைக்காரரிடம் மஞ்சள்தூள் மட்டும் எடுத்தோம்.

அரியலூருக்கு நாங்கள் இருவருமே டிபன் கேரியரோடு பஸ் ஏறினோம். ஒப்பந்தக்காரர் ஆலைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையை ஆபீஸாக வைத்திருந்தார். அந்த அரியலூர் மெஸ்ஸின் சாப்பாடும் மேசையில் இருந்தது. அவரும் அவருடைய மேஸ்திரிகள் இருவரும் உட்கார்ந்து இரண்டிலும் சாப்பிட்டார்கள். அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மேஸ்திரி எங்கள் குழம்பை இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டபோது அந்தப் பிடி தளர்ந்தது.

ஒப்பந்தக்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து, எழுபது ரூபாய்க்கு இதே குழம்பு தினமும் வருமா, முதல் வாரம் மட்டும்தானா என்று கேட்டார்.

"தெனமும் இதேதாங்க வரும். தூள் நாங்களே அரைக்கிறோம்" என்றார் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.

திங்கட்கிழமையிலிருந்து அனுப்பச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்கு ஜன்னலோர இடம். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, நாம் கொட்டை எடுக்காத புளிதானே வாங்குகிறோம், அதில் கொட்டையும் நாரும் போக எவ்வளவு நிற்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். போனதும் ஒரு கிலோ நிறுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்குப் பஸ் இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்றிருந்தது.